விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி: எப்படி அளக்கிறது, ஏன் 85இல் போய் நிற்கிறது?

ஊசி குத்தாமல், குருதி எடுக்காமல், விரலில் மாட்டினதும் ஒட்சிசன் அளவு எப்படித் தெரிகிறது?

குருதியின் நிறத்தைப் பார்த்துத்தான். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஒட்சிசனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. கிளிப்பின் மேல் தாடையில் இரண்டு சின்ன எல்ஈடிகள் இருக்கின்றன. ஒன்று 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளி. மற்றது 940 நனோமீற்றர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளி. கீழ்த் தாடையில் ஓர் ஒளியுணரி. விரல் நடுவே நிற்க, ஒளி நகத்தின் பக்கம் நுழைந்து சதைப்பக்கம் வெளியேறுகிறது.

ஒட்சிசன் இல்லாத ஈமோகுளோபின் சிவப்பொளியை மற்றதைவிடப் பல மடங்கு கூடுதலாக விழுங்கும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ்: அங்கே ஒட்சிசன் ஏறியதுதான் அதிகம் விழுங்கும். ஆகவே இரண்டு ஒளியிலும் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று ஒப்பிட்டால், குருதியில் எந்த வகை ஈமோகுளோபின் எத்தனை பங்கு என்று மதிப்பிடலாம்.

இரண்டு எல்ஈடிகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. சிவப்பு, அகச்சிவப்பு, இரண்டும் அணைந்த இடைவெளி என்று செக்கனுக்குப் பல நூறு தடவை மாறி மாறி வருகின்றன. அணைந்திருக்கும் அந்த நொடித்துண்டில் அறை வெளிச்சத்தை மட்டும் அளந்து, பிறகு கழித்துவிடும். நடுப்பகல் வெயில் நேரே விழுந்தால் ஒளியுணரியே திணறிப்போகும். அப்போது இந்தக் கழித்தலும் உதவாது. கையை ஒரு துணியால் மூடிவிட்டால் போதும்.

விரலில் தோல், எலும்பு, நகம், நாளக்குருதி எல்லாம் இருக்கிறதே. நாடியில் ஓடும் குருதியை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?

துடிப்பை வைத்து. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் விரலின் சிறு நாடிகள் கொஞ்சம் வீங்கும். ஒளி கொஞ்சம் கூடுதலாக மறையும். தோலும் எலும்பும் அப்படித் துடிப்பதில்லை. மட்டக்களப்பு வாவியில் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மேலே எழும்பும் அலையை மட்டும் அளப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாத ஆழத்தை DC என்றும், துடிக்கும் அலையை AC என்றும் எழுதுவார்கள். அந்த அலை மிகச் சின்னது: வெளிவரும் ஒளியில் ஒன்றிரண்டு வீதம்தான், கை குளிர்ந்தால் அதற்கும் கீழே. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி, அலை இவ்வளவு சின்னதாக இருப்பதால் வருபவை.

இந்த வழியைக் கண்டவர் யப்பானின் நிஹோன் கொஹ்டென் நிறுவனத்தில் வேலை செய்த பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. காதுச்சோணையில் ஒளி பாய்ச்சி, குருதியில் கலந்த சாயத்தைக் கொண்டு இதயம் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் குழப்பிக்கொண்டே இருந்தது. ஒழிக்க வேண்டிய இடைஞ்சல் என்று நினைத்த அந்தத் துடிப்பிலேயே ஒட்சிசன் செய்தி இருப்பதைப் பிடித்து, 1974இல் வெளியிட்டார்.

அந்தக் கணக்கை ஒருதரம் போட்டுக் காட்டுவீர்களா?

கருவி தேடுவது R என்ற ஒரே ஒரு விகிதத்தை. அதிலிருந்து, திரையில் வரும் ஒட்சிசன் வீதமான SpO2ஐக் கணக்கிடும்:

```
R = (AC660 / DC660) / (AC940 / DC940)
SpO2 ≈ 110 − 25 × R
```

இரண்டாவது வரி பாடநூல்களில் வரும் தோராயம். ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒட்சிசன் குறைந்த காற்றைக் கொடுத்து, அதே வேளையில் நாடிக்குருதியையும் எடுத்துச் சோதித்து உருவாக்கிய அட்டவணையையே கம்பனிகள் கருவிக்குள் வைக்கின்றன. யாரையும் 70 வீதத்துக்குக் கீழே கொண்டுபோவது பாதுகாப்பில்லை. அதனால் 70க்குக் கீழே திரையில் வரும் எண் பெரும்பாலும் ஊகம்தான்.

சிவப்பில் அலை 1 வீதம், அகச்சிவப்பில் 2 வீதம் என்று வைப்போம். R = 0.5. SpO2 = 110 − 12.5, அதாவது 97 அல்லது 98. நல்ல நிலை. இப்போது R = 1 என்று போட்டுப் பாருங்கள்: 110 − 25 = 85. அதாவது, இரண்டு ஒளியிலும் அலை ஒரே அளவாக இருந்தால் திரையில் வருவது 85. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

வாப்பாவுக்கு மாட்டினால் 85, 87 என்று காட்டுகிறது. ஆனால் மனிசன் சாய்மனைக் கதிரையில் இருந்து சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார். எதை நம்புவது?

முதலில் கையைப் பாருங்கள். நடுங்குகிறதா? விரல் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? கை குளிர்ந்திருக்கிறதா?

நடுக்கம் விரலில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக அசைக்கிறது. அதனால் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு பொய் அலை சேர்கிறது. மேலே போட்ட அதே கணக்கில் இரண்டுக்கும் 3 வீதம் கூட்டுங்கள்: 4ஐ 5ஆல் வகுத்தால் 0.8, SpO2 = 90. இன்னும் பலமாக நடுங்கி 10 வீதம் சேர்ந்தால் 11ஐ 12ஆல் வகுக்க 0.92, SpO2 = 87. நோயாளியின் குருதியில் ஒரு மாற்றமும் இல்லை. எண் மட்டும் 97இலிருந்து 87க்கு இறங்கிவிட்டது. நடுக்கம் கூடக்கூட எண் 85ஐ நோக்கியே நகரும். உண்மையான கருவிகள் இதை வடிகட்டப் பார்க்கும், விலை கூடியவை ஓரளவு வெல்லும். கடையில் வாங்கும் சின்னக் கிளிப்புகள் பெரும்பாலும் தோற்றுவிடும்.

விரல் பாதிதான் நுழைந்திருந்தால், அல்லது குழந்தையின் மெல்லிய விரலில் பெரியவர்களின் கிளிப்பை மாட்டினால், ஒரு பங்கு ஒளி சதைக்குள் போகாமல் ஓரத்தால் கடந்துவிடும். அப்போதும் விகிதம் குழம்பி, எண் பிழையாகும். கைக்குழந்தைகளுக்குச் சுற்றி ஒட்டும் வகையைப் பாதத்தில் வைப்பது இதனால்தான்.

எது உண்மை என்று அறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. திரையில் ஒட்சிசன் எண்ணோடு நாடித்துடிப்பு எண்ணும் வரும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நீங்களே எண்ணுங்கள். நீங்கள் 78 எண்ண, கருவி 124 என்று காட்டினால், அது துடிப்பை அல்ல, நடுக்கத்தையே எண்ணுகிறது. பக்கத்தில் உள்ள ஒட்சிசன் எண்ணையும் நம்பாதீர்கள். துடிப்பு ஒத்துப்போய், கை சூடாக, அசையாமல் இருந்தும் 87 என்றால் கதை வேறு. வாப்பா கதைக்கிறார் என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. கொவிட் காலத்தில் மூச்சுத்திணறல் தெரியாமலே ஒட்சிசன் மிகவும் குறைந்திருந்த பலரை மருத்துவர்கள் கண்டார்கள்.

சரி, வீட்டில் ஒழுங்காக அளப்பது எப்படி?

ஐந்து நிமிடம் ஆறுதலாக இருக்க வையுங்கள். மழை நாளோ ஏசி அறையோ என்றால் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரல் அல்லது மோதிரவிரலை நகம் மேலே பார்க்கும்படி முட்டும்வரை நுழைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையிலோ மடியிலோ வைக்கச் சொல்லுங்கள். பிரஷர் பட்டி கட்டிய கையில் மாட்டாதீர்கள். பட்டி இறுகும்போது துடிப்பே நின்றுவிடும்.

மாட்டினதும் வருகிற முதல் எண்ணை எழுதாதீர்கள். கருவி கடந்த பல செக்கன்களின் சராசரியையே காட்டுகிறது. முப்பது செக்கனிலிருந்து ஒரு நிமிடம்வரை பொறுத்து, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். இடையில் வந்த ஆகக் கூடிய எண்ணும் ஆகக் குறைந்த எண்ணும் வேண்டாம்.

சில கருவிகளில் PI என்று இன்னொரு எண் வரும். அது மேலே சொன்ன அலையின் அளவு, வீதத்தில். PI 0.3 என்றால் அலை மிகவும் சின்னது, கையைச் சூடாக்கி மறுபடி அளக்க வேண்டும். 2, 3 என்றால் நல்லது. குருதியழுத்தம் விழுந்த நோயாளியிலும், டெங்கு அதிர்ச்சி நிலையிலும் PI இறங்கும். கை சூடாக்கியும் ஏறாவிட்டால், ‘கருவி பழுது’ என்று எறிந்துவிடாமல் நோயாளியைப் பாருங்கள்.

பெருநாளைக்குக் கையில் மருதோன்றி போட்டிருக்கிறோம். நகப்பூச்சும் இருக்கிறது. அளவு பிழைக்குமா?

இலை அரைத்துப் போட்ட சிவப்பு மருதோன்றி பெரிதாகப் பாதிப்பதில்லை. கடையில் விற்கும் கறுப்பு வகை ஒளியையே மறைத்து, எண் வராமலோ பிழையாகவோ ஆக்கலாம். நகப்பூச்சில் கறுப்பு, நீலம், பச்சை ஆகியவை தொல்லை தரக்கூடியவை. துடைக்க வழியில்லாவிட்டால் கிளிப்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒளி நகத்தைத் தொடாமல் விரலின் குறுக்கே போகும்படி மாட்டுங்கள்.

எங்கள் தோல் கறுப்பு. அதனால் எண் மாறுமா?

மாறும், அதுவும் ஆபத்தான பக்கத்துக்கு. தோலின் நிறம் துடிப்பதில்லை, ஆகவே கணக்கில் அது கழிந்துபோக வேண்டும். ஆனால் முழுவதும் கழிவதில்லை. எல்ஈடியின் ஒளி ஒரே ஒரு அலைநீளம் அல்ல, 660ஐச் சுற்றிய ஒரு பட்டை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்தப் பட்டையின் ஒரு பக்கத்தைக் கூடுதலாக விழுங்குகிறது. அதனால் உள்ளே போகும் ஒளியின் தன்மையே சற்று மாறுகிறது. அட்டவணையைத் தயாரிக்க எடுத்த தொண்டர்களில் வெள்ளைத் தோலினர் கூடுதலாக இருந்ததும் ஒரு காரணம்.

2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் நாடிக்குருதியை ஒப்பிட்டுப் பார்த்தது. உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 வீதம், வெள்ளையரில் 3.6 வீதம். கருவி இருப்பதைவிட நல்லதாகக் காட்டியிருக்கிறது. எங்கள் ஊர்த் தோலுக்கு அதே எண்களை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவு. நேற்று 98 காட்டிய ஆள் இன்று 94 காட்டினால், அந்த நான்கு புள்ளி இறக்கமே செய்தி.

வயலுக்கு அடிக்கும் களைநாசினி உடம்புக்குள் போன ஒருவருக்கு 85 என்றே நின்றது. முகமூடியில் ஒட்சிசன் கொடுத்தும் ஏறவில்லை. ஏன்?

அம்பாறையிலும் படுவான்கரையிலும் வேளாண்மை செய்யும் ஊர்களில் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது. நெல்வயல் புல்லுக்கு இலங்கையில் நீண்ட காலம் பயன்பட்ட புரோப்பனில் என்ற களைநாசினி, ஈமோகுளோபினின் இரும்பை மாற்றி அதை மெத்ஈமோகுளோபின் ஆக்கிவிடும். இது ஒட்சிசனைச் சுமக்காது. மீதியிருக்கும் நல்ல ஈமோகுளோபினும் ஒட்சிசனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது.

மெத்ஈமோகுளோபின் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஏறத்தாழ ஒரே அளவு விழுங்கும். இரண்டும் ஒரே அளவு என்றால் R = 1; R = 1 என்றால் 85. இங்கே அந்த எண்ணைத் தருவது நடுக்கம் அல்ல, வேதியியல்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 30. திரையில் 87. ஒட்சிசன் பை கட்டிய முகமூடியில் நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தும் 87. கை சூடு, அசைவில்லை, நாடித்துடிப்பு ஒத்துப்போகிறது. நெஞ்சில் வழமைக்கு மாறான சத்தம் இல்லை. ஆனால் உதடும் நகமும் சாம்பல் நீலம். நாடிக்குருதி வாயுச் சோதனையில் ஒட்சிசன் அழுத்தம் மிக நன்றாக இருக்கிறது; அந்தச் சோதனை இயந்திரம் ஒட்சிசன் செறிவு 99 என்றும் அச்சடித்துத் தருகிறது. அந்த 99 அளந்த எண் அல்ல. ஈமோகுளோபின் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக நினைத்து, அழுத்தத்திலிருந்து கணக்கிட்ட எண். இரண்டு இயந்திரமும் தனித்தனியே தவறு. ஆனால் 87க்கும் 99க்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி பெரிய தடயம்.

இந்த ஆளில் மெத்ஈமோகுளோபின் 40 வீதம் என்றால், ஒட்சிசன் சுமக்கக்கூடியது மீதி 60 வீதம்தான். உண்மையில் 60ஐத் தாண்ட முடியாத இடத்தில் திரை 87 காட்டுகிறது. மெத்ஈமோகுளோபின் இன்னும் ஏறி 50, 60 ஆனாலும் எண் 85 அளவிலேயே படுத்துக்கிடக்கும். ‘85இல் நிலையாக இருக்கிறார்’ என்று குறிப்பெழுதுவது இங்கே பெரிய ஏமாற்று.

இரண்டு அலைநீளத்தால் இரண்டு பொருளைத்தான் பிரிக்க முடியும். மூன்றாவது, நான்காவது வகை ஈமோகுளோபினை அறிய, பல அலைநீளங்களில் அளக்கும் கோ-ஒக்சிமீற்றர் வேண்டும். அது இல்லாத வைத்தியசாலையில் செய்யக்கூடியது: வெள்ளை வடிதாளில் ஒரு துளி குருதியை வைத்து, பக்கத்தில் நல்ல ஒருவரின் துளியையும் வையுங்கள். ஒட்சிசன் குறைந்ததால் கறுத்த குருதி காற்றுப் பட்டதும் சிவக்கும். மெத்ஈமோகுளோபின் உள்ளது சொக்கிலேற் நிறத்திலேயே நிற்கும். புரோப்பனில் நோயாளிகளுக்காக, துளியின் நிறத்தை ஒப்பிட்டு வீதத்தை மதிப்பிடும் நிற அட்டை ஒன்றையும் இலங்கையிலேயே உருவாக்கிப் பரிசோதித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: களைநாசினிப் போத்தலையும் லேபலையும் கையோடு கொண்டுபோங்கள். களைநாசினியின் பெயர் தெரிந்தால், 85க்கு அர்த்தம் தேடும் நேரம் மிச்சம்.

மருந்து ஏற்றினதும் எண் இன்னும் விழுந்துவிட்டதே? மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

மாற்று மருந்து மெதிலீன் நீலம். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்ற அளவில், ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக நாளத்தில் ஏற்றுவார்கள். அது நீலச் சாயம். 660க்கு மிக அருகில்தான் ஒளியை ஆகக் கூடுதலாக விழுங்குகிறது. குருதியில் கலந்ததும் கருவிக்குச் சிவப்பொளி திடீரென மறையும், R ஏறும், எண் 70க்கோ அதற்கும் கீழேயோ விழும். ஒரு சில நிமிடங்களில் சாயம் பரவிக் குறைந்ததும் எண் தானாக மேலே வரும். இந்த இடைவேளையில் திரையை விட்டுவிட்டு உதட்டின் நிறத்தையும் நினைவையும் பார்க்க வேண்டும்.

பிறகு எண் 95க்கு வந்தாலும் உடனே வார்டிலிருந்து எழும்பக் கூடாது. புரோப்பனில் உடம்பில் சிதைந்து வரும் பொருள் நீண்ட நேரம் வேலை செய்வதால் மெத்ஈமோகுளோபின் மறுபடி ஏறலாம். மருந்தும் மறுபடி தேவைப்படலாம். செங்குழியங்களைக் காக்கும் G6PD என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு மெதிலீன் நீலம் செங்குழியங்களை உடைக்கும். குடும்பத்தில் யாருக்காவது அது இருப்பது தெரிந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

புயல் நேரம் கரண்ட் இல்லாமல் உள்ளே ஜெனரேட்டர் போட்டிருந்தோம். எல்லோருக்கும் தலையிடி. கருவி 99 காட்டுகிறது. பயமில்லைத்தானே?

பயப்பட வேண்டும். கதவைத் திறந்து எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். ஜெனரேட்டர் புகையில் வரும் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபின் 660இல் ஒட்சிசன் ஏறியது போலவே நடந்துகொள்கிறது. கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பு. குருதியில் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்திருந்தாலும் திரை 98, 99 என்றே காட்டும். மெத்ஈமோகுளோபினில் எண் பிழையாக இருந்தாலும் எச்சரிக்கையாவது தந்தது. இதில் அதுவும் இல்லை. மூடிய அறையில் சிரட்டைக்கரி புகைய விட்டாலும் இதே கதைதான். ஒரே வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலையிடி, வாந்தி, மயக்கம் என்றால் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

தங்கச்சிக்குக் குருதிச்சோகை, ஈமோகுளோபின் 6. ஆனால் SpO2 99. அப்படியென்றால் ஒட்சிசன் போதும்தானே?

எண் சரி, அர்த்தம்தான் வேறு. SpO2 என்பது இருக்கிற ஈமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது. ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. ஒரு கிராம் ஈமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 13 என்றால் 100 மில்லிலீற்றர் குருதியில் 13 கிராம், அதாவது ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் ஒட்சிசன். தங்கச்சிக்கு 8. படியேறும்போது இளைப்பது இதனால்தான்.

அப்படியென்றால் எந்த எண்ணில் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

ஒழுங்காக அளந்து, இரண்டு விரலில் மாற்றிப் பார்த்தும், ஆறுதலாக இருக்கும்போது 94க்குக் கீழே நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். 90க்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நீண்ட காலச் சுவாசப்பை நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை போதும் என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு அந்த எல்லைதான் கணக்கு. வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் இருந்தால் எண்ணை ஏற்றவென்று தாங்களாக வால்வைக் கூட்டக் கூடாது.

உதடு நீலம், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாத இளைப்பு, புதிதாக வந்த தடுமாற்றம், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம்: இவற்றில் ஒன்று இருந்தால் 98 என்றாலும் போங்கள்.